அனுப்புவது திரையையா, முகவரியையா?

கூடத்துச் சுவரில் 2022-இல் வாங்கிய சாம்சங் டிவி. வீட்டில் மூன்று ஃபோன்கள்: அப்பாவிடம் சாம்சங் கேலக்ஸி, மகளிடம் கூகுள் பிக்சல், மகனிடம் ஐஃபோன். மூன்றும் டிவி இருக்கும் அதே வை-ஃபையில்தான் இருக்கின்றன. மகள் யூடியூப்பைத் திறந்து காஸ்ட் குறியைத் தொட்டதும் டிவியின் பெயர் வருகிறது. அதைத் தொட்டால் பாட்டு டிவியில் ஓடத் தொடங்குகிறது. உடனே அவள் கூகுள் ஃபோட்டோஸுக்குப் போய், அக்காவின் கல்யாண வீடியோவை எடுத்துக் காஸ்ட் செய்யப் பார்க்கிறாள். இப்போது பட்டியலில் டிவியின் பெயரே இல்லை.

அப்பா தன் ஃபோனில் Smart View என்பதைத் தொடுகிறார். ஃபோன் திரை முழுவதும் அப்படியே டிவியில் விரிகிறது. மகனின் ஐஃபோனும் Screen Mirroring பட்டியலில் அதே டிவியைக் காட்டுகிறது. மகளின் ஃபோனில் மட்டும் திரையை அனுப்ப வழி எதுவும் தென்படவில்லை. மூன்றில் விலை கூடிய ஃபோன் அவளுடையதாகவே இருந்தாலும் நிலைமை இதுதான்.

டிவியில் பழுதில்லை, ஃபோனிலும் பழுதில்லை, வை-ஃபையும் சரியாகவே இருக்கிறது. ஃபோனிலிருந்து டிவிக்குப் படம் போவதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நெறிமுறைகள் இருக்கின்றன. எந்த டிவிக்கு எந்த நெறிமுறை தெரியும் என்பதைத் தீர்மானிப்பது டிவியின் திறன் அன்று. அதைத் தயாரித்தவரும், ஃபோனைச் செய்தவரும், செயலியை எழுதியவரும் யார் யாருடன் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

இரண்டு வெவ்வேறு வேலைகள்

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'டிவியில போடறது' என்கிறோம். ஆனால் உள்ளே நடப்பவை இரண்டு வேறு வேலைகள். முதலாவது காஸ்டிங். இதில் ஃபோன் டிவிக்குப் படத்தை அனுப்புவதே இல்லை. படம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் அனுப்புகிறது. டிவி தானே இணையத்துக்குப் போய் அந்தப் படத்தை இறக்கி ஓட்டுகிறது. ஃபோன் அதன் பிறகு வெறும் ரிமோட்தான். இரண்டாவது மிரரிங். இதில் ஃபோன் தன் திரையில் தெரிவதை நொடிக்கு நொடி படமெடுத்துச் சுருக்கி, இடைவிடாமல் டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டிவி அந்த நேரத்தில் கண்ணாடி மாதிரி பிரதிபலிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

எது நடக்கிறது என்பதை எளிதாகக் கண்டுகொள்ளலாம். படம் டிவியில் ஓடும்போது ஃபோனின் திரையை அணைத்தால் போதும். படம் தொடர்ந்து ஓடினால் அது காஸ்டிங். டிவியும் இருண்டு போனாலோ, இணைப்பு அறுந்தாலோ அது மிரரிங். வாட்ஸ்அப் செய்தி வந்து டிவியின் உச்சியில் எட்டிப் பார்த்தாலும் மிரரிங்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லா வேறுபாடுகளும் வருகின்றன. காஸ்டிங்கில் ஃபோனின் பேட்டரி அதிகம் இறங்குவதில்லை. டிவிக்கும் இணைய வேகத்துக்கும் இயன்ற முழுத் தரத்தில் படம் வரும். மிரரிங்கில் ஃபோன் சூடாகும், பேட்டரி இறங்கும், ஃபோன் திரைக்கும் டிவிக்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும். ஆனால் ஃபோனில் தெரியும் எதையும் காட்ட முடியும் என்பது மிரரிங்குக்கே உரிய வசதி. வங்கிச் செயலியிலும் ஓடிடி செயலிகளிலும் மட்டும் அந்த வசதிக்குத் தடை உண்டு. அதன் காரணம் பின்னால் வருகிறது.

கூகுள் காஸ்ட் எப்படி வேலை செய்கிறது

2013 ஜூலையில் கூகுள் 35 டாலர் விலையில் குரோம்காஸ்ட் என்ற சிறு குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிவிட்டால் போதும். அந்தக் குச்சியில் இருந்த நெறிமுறைதான் பிறகு ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்று பெயர் கொண்ட எல்லாப் பெட்டிகளுக்கும் போனது. இன்று அதன் பெயர் கூகுள் காஸ்ட்.

யூடியூப்பிலோ கூகுள் ஃபோட்டோஸிலோ காஸ்ட் குறியைத் தொடுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. செயலி திறந்த உடனே ஃபோன் வீட்டு வை-ஃபை முழுவதும் ஓர் அழைப்பை விடுக்கிறது: `_googlecast._tcp` என்ற சேவை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அது தெரிந்த டிவி தன் பெயரையும் வீட்டு வலைக்குள் தனக்குள்ள ஐ.பி. எண்ணையும் சொல்லிப் பதில் தருகிறது. பதில் வந்த பிறகே காஸ்ட் குறி திரையில் தோன்றும். பல செயலிகளில் அந்தக் குறியே காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். அழைப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பயனர் டிவியின் பெயரைத் தொட்டதும் ஃபோன் அந்த ஐ.பி. எண்ணுக்கு மறையாக்கம் செய்த இணைப்பை ஏற்படுத்துகிறது. அடுத்து, எந்தச் செயலிக்கு உரிய ஏற்பியைத் திறக்க வேண்டும் என்று ஓர் அடையாள எண்ணைத் தருகிறது. ஏற்பி என்பது உண்மையில் ஒரு வலைப்பக்கம். டிவிக்குள் மறைந்திருக்கும் குரோம் உலாவி அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து இறக்குகிறது. இறங்கிய பக்கத்திடம் ஃபோன், 'இந்த வீடியோ, இந்த நிமிடத்திலிருந்து' என்று சொல்கிறது. மிச்சத்தை டிவியே பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த ஓடிடி செயலி டிவியில் நிறுவப்பட்டிருக்காவிட்டாலும் கூகுள் காஸ்ட் உள்ள டிவியில் படம் ஓடுகிறது.

இதில் வெளியே தெரியாத ஒரு படி நடுவில் இருக்கிறது. தான் பேசுவது கூகுள் ஒப்புக்கொண்ட கருவியோடுதானா என்று ஃபோன் சோதிக்கிறது. ஒவ்வொரு காஸ்ட் கருவிக்குள்ளும் கூகுளின் கையொப்பம் கொண்ட ஒரு மின்னணுச் சான்றிதழ் இருக்கிறது. ஃபோன் கேட்கும்போது அதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கதவு அடைபட்டுவிடும்.

இந்தச் சோதனை எவ்வளவு கறாரானது என்பதை 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுவதும் பலர் கண்டார்கள். 2015-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டும், குரோம்காஸ்ட் ஆடியோவும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கருவி உயிரோடு இருந்தது, வை-ஃபை இருந்தது, இணையம் இருந்தது. ஆனால் ஃபோன்களின் திரையில் 'நம்பத்தகாத கருவி' என்ற எச்சரிக்கை வந்தது. அந்தக் கருவிகளின் சான்றிதழ்ச் சங்கிலியில் இடையிலிருந்த ஒரு சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள். அந்த நாளில் அது காலாவதியாகிவிட்டது. கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைக்க வேண்டாம் என்று கூகுள் கேட்டுக்கொண்டது. அடுத்த சில நாட்களில் புதுப்பிப்புகளை அனுப்பி நிலைமையைச் சரிசெய்தது. அவசரப்பட்டு மீட்டமைத்தவர்கள்தான் கூடுதல் நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மலிவு விலை டிவிகளில் வரும் குழப்பத்துக்கும் இதே சான்றிதழ்தான் காரணம். ஆண்ட்ராய்டின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்து டிவியில் போட்டு 'ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் டிவி' என்று விற்கலாம். ஆனால் காஸ்ட் அந்தத் திறந்த மூலநிரலின் பகுதி அல்ல. கூகுளின் சோதனைகளில் தேறி, உரிமம் பெற்ற டிவிக்கு மட்டுமே சான்றிதழ் கிடைக்கும். பெட்டியின் மேல் ஆண்ட்ராய்டு என்று எழுதியிருந்தும் காஸ்ட் குறி பதில் சொல்லாத டிவிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

யூடியூப் மட்டும் எப்படிப் போனது?

சாம்சங் தன் டிவிகளில் டைசன் என்ற சொந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறது. அதில் கூகுள் காஸ்ட் கிடையாது. மகளின் கூகுள் ஃபோட்டோஸ் டிவியைக் காணாததற்கு அதுவே காரணம். அப்படியானால் யூடியூப்பின் காஸ்ட் குறி அதே டிவியை எப்படிக் கண்டுபிடித்தது?

குரோம்காஸ்ட் வருவதற்கு முன்பே நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் சேர்ந்து ஓர் எளிய நெறிமுறையை உருவாக்கியிருந்தன. அதன் பெயர் டயல். அது செய்யும் வேலை மிகச் சிறியது. வீட்டு வலையில் டிவி இருக்கிறதா என்று தேடும். இருந்தால், அந்த டிவியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் ஒரு செயலியைத் திறக்கச் சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்துவிடும். எந்தப் பாட்டு, எந்த நிமிடம் என்ற பேச்செல்லாம் ஃபோனிலுள்ள யூடியூப்பும் டிவியிலுள்ள யூடியூப்பும் யூடியூப் நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பேசிக்கொள்வது.

ஆக, பிக்சல் ஃபோனில் மகள் தொட்டது ஒரே மாதிரியான குறிதான் என்றாலும் இரண்டு முறையும் நடந்தது வேறு. யூடியூப்பில் தொட்டபோது டயல் வழியாகச் சாம்சங் டிவியின் யூடியூப் செயலி விழித்துக்கொண்டது. ஃபோட்டோஸில் தொட்டபோது ஃபோன் தேடியது கூகுள் காஸ்டை. அது அங்கே இல்லை.

இதற்கு இன்னொரு சான்றும் கையருகே இருக்கிறது. டிவியிலுள்ள யூடியூப்பின் அமைப்புகளில் Link with TV code என்ற இடத்தில் ஓர் எண் வரும். அந்த எண்ணை ஃபோனிலுள்ள யூடியூப்பில் இட்டுவிட்டால், ஃபோன் வை-ஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் டிவியைக் கட்டுப்படுத்த முடியும். இருவருக்கும் நடுவே பேச்சு சர்வர் வழியாக நடப்பதால்தான் இது கூடிவருகிறது. வை-ஃபையில் டிவியைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் வீடுகளில் யூடியூப்புக்கு இந்த எண்ணே நல்ல மாற்று வழி.

திரையை அனுப்பும் வழிகள்

அப்பாவின் கேலக்ஸி ஃபோன் பயன்படுத்தியது மிராகாஸ்ட். வை-ஃபை அலையன்ஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2012-இல் அறிமுகம் செய்த பொது நெறிமுறை இது. யாருடைய தனிச் சொத்தும் அல்ல என்பதால் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஆளுக்கொரு பெயரும் வைத்தன. சாம்சங் ஃபோனில் Smart View, எல்.ஜி. டிவியில் Screen Share, வேறு ஃபோன்களில் Cast அல்லது Wireless display. பெயர்கள் இப்படி மாறுவதால், உள்ளே இருப்பது ஒன்றே என்பது பலருக்குத் தெரிவதில்லை. Cast என்ற பெயரை மிராகாஸ்டுக்கும் வைத்தது குழப்பத்தை இன்னும் கூட்டியது.

மிராகாஸ்டுக்கு வீட்டு ரூட்டர் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. ஃபோனும் டிவியும் தங்களுக்குள் நேரடி வை-ஃபை இணைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொள்கின்றன. கரண்ட் போய் ரூட்டர் அணைந்திருந்தாலும் இன்வெர்ட்டரில் டிவி ஓடினால் மிராகாஸ்ட் வேலை செய்யும். சுமை முழுவதும் ஃபோனுடையது. முழு எச்.டி. திரை ஒன்றில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறம், நொடிக்கு 30 படம் என்று வைத்துப் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 150 கோடி பிட் வருகிறது. வீட்டு வை-ஃபையில் இதை அப்படியே அனுப்ப முடியாது. ஃபோனிலுள்ள சிப் அதை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்ப, டிவி விரித்துக் காட்டுகிறது. சுருக்கவும் அனுப்பவும் விரிக்கவும் ஆகும் நேரமே நாம் காணும் தாமதம். கல்யாண வீடியோ பார்ப்பவருக்கு அது தெரியாது. மிரரிங்கில் கிரிக்கெட் கேம் விளையாடும் பிள்ளைக்கு, பந்து வந்த பிறகு மட்டை சுழல்வதுபோல் இருக்கும்.

இந்தப் பொது வழி மகளின் பிக்சலில் ஏன் இல்லை? கூகுள் 2012-இல் ஆண்ட்ராய்டு 4.2-இல் மிராகாஸ்டைச் சேர்த்தது. மறு ஆண்டே தன் சொந்தக் குரோம்காஸ்ட் வந்துவிட்டது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது மிராகாஸ்டுக்கான ஆதரவைத் தன் ஃபோன்களிலிருந்து எடுத்துவிட்டது. சாம்சங், ஷியோமி போன்ற நிறுவனங்கள் தாங்களே அதைத் தங்கள் ஃபோன்களில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டன. கூகுளின் பிக்சல் ஃபோன்கள் பொதுவாக அது இல்லாமலே வந்தன. பிக்சலாலும் திரையை அனுப்ப முடியும். ஆனால் கூகுள் காஸ்ட் தெரிந்த டிவிக்குத்தான்.

மகனின் ஐஃபோன் மூன்றாவது வழியில் போனது. ஆப்பிளின் நெறிமுறை ஏர்பிளே. 2010-இல் இந்தப் பெயரில் வந்தபோது ஆப்பிளின் சொந்தப் பெட்டியான ஆப்பிள் டிவி வழியாகத்தான் வீடியோவை டிவியில் காண முடிந்தது. 2019 ஜனவரியில் சாம்சங், எல்.ஜி., சோனி, விசியோ ஆகிய நிறுவனங்கள் தங்கள் டிவிகளிலேயே ஏர்பிளே 2 வரும் என்று அறிவித்தன. ஐஃபோனில் மிராகாஸ்ட் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எனவே ஐஃபோன் திரை முழுவதையும் டிவியில் காட்ட வேண்டுமானால் டிவியில் ஏர்பிளே இருந்தாக வேண்டும். அதே சமயம் ஐஃபோனிலுள்ள யூடியூப் போன்ற செயலிகள் கூகுள் காஸ்ட் வழியாகவும் வீடியோ அனுப்பும், ஏனென்றால் அந்த வசதி ஃபோனில் இல்லை, செயலிக்குள் இருக்கிறது. ஐஃபோனிலிருந்து யூடியூப் போகிறது, போட்டோ போகவில்லை என்ற வழக்கமான கேள்விக்கு விடை இதுதான்.

படம் மட்டும் கறுப்பு

மிரரிங் சரியாக இணைந்த பிறகும் சில செயலிகளில் விசித்திரமான ஒன்று நடக்கும். ஒலி கேட்கும், வசன வரிகள்கூட ஓடும், படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். டிவி கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான்.

படத்தின் உரிமை வைத்திருப்பவர்கள் அதைத் திரையிலிருந்து யாரும் பதிவுசெய்துவிடக் கூடாது என்று ஓடிடி நிறுவனங்களிடம் நிபந்தனை விதிக்கிறார்கள். ஃபோனின் இயங்குதளத்திடம் 'இந்தப் பகுதியைப் படமெடுக்க விடாதே' என்று செயலி சொல்லிவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அங்கே கறுப்பாக வருவது அதனால்தான். மிரரிங்கும் திரையைப் படமெடுப்பதுதான் என்பதால் அதே தடை அதற்கும் பொருந்துகிறது. ஃபோன், டிவி இரண்டும் காப்புரிமைப் பாதுகாப்புக்கான மறையாக்கச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ள முடிந்தால் சில ஜோடிகளில் படம் தெரியும், பலவற்றில் தெரியாது. இதை எந்த அமைப்பை மாற்றியும் சரிசெய்ய இயலாது. அந்தச் செயலியை டிவியிலேயே நிறுவிப் பார்ப்பதுதான் நேர்வழி.

மூன்று ஃபோனுக்கும் ஒரு தீர்வு

இப்போது அந்தக் கூடத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஓடிடி படங்களுக்கு டிவியின் சொந்தச் செயலிகளே போதும். கல்யாண வீடியோவை மகள் அப்பாவின் ஃபோனுக்கோ தம்பியின் ஃபோனுக்கோ அனுப்பி அங்கிருந்து மிரரிங் செய்யலாம். அல்லது பென் டிரைவில் போட்டு டிவியில் செருகலாம், செலவில்லாத வழி அது. பிக்சலிலிருந்தே அடிக்கடி காட்ட வேண்டும் என்றால் கூகுள் காஸ்ட் உள்ள ஒரு குச்சியையோ பெட்டியையோ வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் செருக வேண்டும். சாம்சங் டிவி அப்போது வெறும் திரையாகிவிடும். ஃபோனோடு பேசுவது அந்தக் குச்சி.

ஆப் ஸ்டோர்களில் 'டிவிக்கு அனுப்பு' என்ற பெயரில் ஏராளமான செயலிகள் இருக்கின்றன. டிவிக்குத் தெரியாத நெறிமுறையை அவற்றால் டிவிக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான்: 2003-இல் தொடங்கப்பட்ட டி.எல்.என்.ஏ. கூட்டமைப்பின் பழைய நெறிமுறை பல டிவிகளில் இன்னும் இருக்கிறது. அதன் வழியாக ஃபோனிலுள்ள சொந்தப் படங்களையும் வீடியோக்களையும் அனுப்புகின்றன. பிக்சலிலுள்ள கல்யாண வீடியோவுக்கு அது உண்மையிலேயே உதவும். ஓடிடி படத்துக்கு உதவாது. நிறுவியதும் திரையைப் பதிவுசெய்ய அனுமதி கேட்கும் செயலியாக இருந்தால், ஃபோன் திரையில் வரும் ஓ.டி.பி. எண்களும் அதன் கண்ணில் படும் என்பதை யோசித்தே அனுமதி தர வேண்டும்.

எதிர்த்திசையிலும் செயலிகள் உண்டு. ஏர்ஸ்கிரீன் போன்றவற்றை ஆண்ட்ராய்டு டிவியில் நிறுவினால் டிவி ஏர்பிளே தெரிந்த கருவிபோல் நடந்துகொள்ளும். ஐஃபோன் திரையும் வரும். ஆனால் ஆப்பிளின் உரிமம் பெற்ற ஏற்பி அல்ல என்பதால் பாதுகாக்கப்பட்ட படங்கள் அதில் ஓடாது.

எல்லாம் சரியாக இருந்தும் டிவி தெரியாதபோது

நெறிமுறை பொருந்தியும் டிவியின் பெயர் பட்டியலில் வரவில்லை என்றால் சந்தேகம் வீட்டு வலையின் மேல் திரும்ப வேண்டும். காஸ்டும் ஏர்பிளேயும் விடுக்கும் அழைப்பு ஒரே வலைக்குள் மட்டும்தான் கேட்கும்.

ஃபைபர் இணைப்புத் தருபவர் வைத்துப்போன மோடம் கீழே. சிக்னல் போதவில்லை என்று தனியாக வாங்கிய ரூட்டர் மாடியில். இரண்டிலும் இணையம் வருகிறது. ஆனால் மாடி ரூட்டர் தனக்குக் கீழே இன்னொரு வலையை உருவாக்கி வைத்திருக்கும். டிவி கீழ் வலையிலும் ஃபோன் மேல் வலையிலும் இருந்தால் அழைப்பு போய்ச் சேராது. டிவியின் நெட்வொர்க் அமைப்புகளிலும் ஃபோனின் வை-ஃபை விவரத்திலும் உள்ள ஐ.பி. எண்ணைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். டிவியில் 192.168.1.20, ஃபோனில் 192.168.0.105 என்று இருந்தால் மூன்றாவது எண் வேறு. சாதாரண வீட்டு இணைப்பில் இரண்டும் வேறு வலைகள் என்று கொள்ளலாம். மாடி ரூட்டரின் அமைப்பில் Access Point என்ற நிலைக்கு மாற்றிவிட்டால் அது தனி வலை உருவாக்குவதை நிறுத்திக்கொள்ளும், இரண்டும் ஒன்றாகிவிடும்.

எண்கள் ஒத்திருந்தும் தெரியவில்லை என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஃபோன் விருந்தினர் வை-ஃபையில் இருக்கலாம். அதில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரூட்டர் தடுத்துவைக்கும். விடுதி அறை வை-ஃபையில் காஸ்ட் பெரும்பாலும் வேலை செய்யாததற்கும் இதே தடைதான் காரணம். ஃபோனில் வி.பி.என். ஓடிக்கொண்டிருக்கலாம். ஐஃபோனாக இருந்தால், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் ஒவ்வொரு செயலிக்கும் Local Network அனுமதி தனியே தேவை. முதல் முறை கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தச் செயலிக்கு எந்த டிவியும் தெரியாது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் அதைத் திரும்ப இயக்கலாம்.

மிராகாஸ்டுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது, அது ரூட்டர் வழியாகப் போவதில்லையே. அது இணைந்து இணைந்து அறுந்தால் ஃபோனை டிவிக்கு அருகில் கொண்டுபோய், ஃபோனில் பெரிய இறக்கம் ஏதும் நடக்காமல் பார்த்துக்கொண்டு முயல வேண்டும். பெரும்பாலான ஃபோன்களில் ஒரே வை-ஃபை சிப்தான் ரூட்டரோடும் டிவியோடும் மாறிமாறிப் பேசுகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

புது டிவி வாங்குபவர் கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஷியோமியே கூகுளின் தளத்தில் ஓடும் டிவிகளையும், 2023-இல் இந்தியாவில் வெளியிட்ட ரெட்மி ஃபயர் டிவிபோல் அமேசானின் தளத்தில் ஓடும் டிவிகளையும் விற்றிருக்கிறது. முன்னதில் கூகுள் காஸ்ட் உண்டு, பின்னதில் கிடையாது. எல்.ஜி.யின் வெப்ஓ.எஸ். டிவிகளில் நெடுங்காலம் கூகுள் காஸ்ட் இல்லை. 2024-ஆம் ஆண்டு மாடல்களுக்கு அது வருவதாக அந்த ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. எனவே பார்க்க வேண்டியது இயங்குதளத்தின் பெயரும் மாடல் ஆண்டும்.

நெறிமுறை இருந்தாலும் செயலி அதைப் பயன்படுத்த மறுக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2019 ஏப்ரலில் ஏர்பிளே ஆதரவை நிறுத்தியது. பல நிறுவனங்களின் டிவிகளுக்கு ஏர்பிளே போன பிறகு எந்தக் கருவி எது என்று பிரித்தறிய முடியவில்லை, தரத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்பது அது சொன்ன காரணம். 2025 இறுதியில் ஃபோனிலிருந்து பெரும்பாலான டிவிகளுக்குக் காஸ்ட் செய்வதையும் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்திவிட்டது. ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட் போன்ற சில கருவிகளில் மட்டும், விளம்பரமில்லாத சந்தா உள்ளவர்களுக்கு அது தொடர்கிறது. டயல் நெறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரே காஸ்டிங்கிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறார்.

கடையிலேயே சோதித்துவிடுவது எளிது. விற்பனையாளர் வழக்கமாக யூடியூப்பை அனுப்பிக் காட்டுவார். அது ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் டிவியிலும் போகும் என்பதால் அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. டிவியைக் கடையின் வை-ஃபையில் இணைக்கச் சொல்லி, வீட்டில் பயன்படுத்தப்போகும் ஃபோனையும் அதே வை-ஃபையில் சேர்த்து, ஃபோனிலுள்ள சொந்த வீடியோ ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும். பிறகு ஃபோனின் திரை முழுவதையும் அனுப்பிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஐஃபோன் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோவது நல்லது. கடையின் வை-ஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடை இருந்தால், டிவியையும் சோதிக்கும் ஃபோனையும் மூன்றாவது ஃபோன் ஒன்றின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.